‘அடிக்கடி’ என்ற கட்டம்

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினேன். இட்லி, தேங்காய்ச் சட்னி. மகனின் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, தைத்தேன். அவன் இரண்டு இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று முறை நாற்காலியை விட்டு இறங்கினான். ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன். ஒன்பதரைக்குக் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்து. மாலை வரும்போது சிதம்பரம் கீழவீதியில் கத்தரிக்காய் வாங்கினேன்.

மகனைக் காட்டிய கடலூர் கிளினிக்குக்கு நாங்கள் எழுதிய புகாருக்கு அன்றுதான் பதில் வந்தது. அதில் கணவரின் புவனகிரிக் கடை முகவரியைக் கொடுத்திருந்ததால் தபால் அங்கே போயிருந்தது. அவர் அன்று சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு என் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கிழித்த உறையைச் சாப்பாட்டு மேஜையில் வீசினார்.

“படி. உன் தம்பி எழுதின கடுதாசிக்கு மரியாதையா செருப்படி குடுத்திருக்காங்க.”

“மாமா, நான் எழுதினது இங்கிலீஷ்ல கரெக்டாதான் இருந்துது,” என்றான் தம்பி.

மே மாதக் கடைசியில் மகனை அங்கே அழைத்துப் போயிருந்தோம். இரண்டாம் வகுப்புக்கு அனுப்புமுன் ஒரு டாக்டரிடம் காட்டி அறிக்கை வாங்கி வரச்சொல்லிப் பள்ளி முதல்வர் கேட்டிருந்தார். பையன் உட்கார மாட்டேன் என்கிறான், பக்கத்துப் பிள்ளைகளை எழுதவிடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். பத்து மணிக்கு வரச்சொன்னார்கள். நாலாவது டோக்கன். டாக்டர் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். நடுவில் அவன் நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்தான், தண்ணீர் கேன் குழாயைத் திறந்துவிட்டான், ஒரு அம்மாவின் கைப்பையைக் கொட்டினான். பன்னிரண்டரை வாக்கில் நர்ஸ் ஒரு படிவமும் பேனாவும் கொடுத்தாள். பசி தாங்காமல் அழ ஆரம்பித்திருந்தவனை நான் பிஸ்கட் வாங்கக் கீழே கூட்டிப்போனேன். படிவத்தை நிரப்பியது கணவர்.

டாக்டர் இருபது நிமிடம் பார்த்தார். கவனக்குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு போலத் தெரிகிறது என்றார். அந்த ‘போல’ அவர் வாயில் இருந்தது. வண்டியில் திரும்பும்போது எங்கள் காதில் அது இல்லை.

கடிதம் இரண்டு பக்கம். தெளிவான தமிழ், கீழே நிர்வாக மேலாளரின் கையெழுத்து. முதல் பத்தி காத்திருப்பைப் பற்றியது. அன்று காலை வேறொரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று டாக்டரை அழைத்துவிட்டார்கள். அதை வரவேற்பறையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தவறு, வருந்துகிறோம். இனி தாமதமானால் பலகையில் எழுதிவைக்கப்படும். டோக்கன் எண் வரிசையை மட்டுமே குறிக்கும், நேரத்தைக் குறிக்காது.

இரண்டாம் பத்தி நோயைப் பற்றியது. டாக்டர் சொன்னது முதற்கட்டக் கருத்து. வீட்டிலும் பள்ளியிலும் ஒரேமாதிரி இருந்தால்தான் முடிவு செய்வார்கள். அதனால்தான் ஆசிரியருக்கான படிவம் அன்றே தரப்பட்டது, அது இன்னும் வரவில்லை. மருந்து எதுவும் எழுதப்படவில்லை. ‘பத்து நிமிடம் ஓடி விளையாடியதைப் பார்த்து முடிவு கட்டினீர்கள்’ என்று தாங்கள் எழுதியிருப்பது சரியல்ல. பெற்றோர் நிரப்பிய வினாப்படிவமும் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது, அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க விரும்பினால் எல்லாக் குறிப்புகளின் நகலும் தருகிறோம். எங்களிடமே மறுபடி பார்ப்பதென்றால், ஆசிரியர் படிவத்தோடு வாருங்கள், காலை முதல் ஆளாகப் பார்க்கிறோம்.

நகலைப் புரட்டினேன். பெரும்பாலான கேள்விகளுக்கு ‘மிக அடிக்கடி’ என்ற கட்டத்தில் டிக். அடியில் அவர் கையெழுத்து. பேனாவை அழுத்தி எழுதும் கை அவருடையது.

“கடந்த ஆறு மாதத்தை மனதில் கொண்டு பதில் எழுதவும்னு மேலயே போட்டிருக்கு. படிக்கலையா நீங்க?”

“எங்க படிக்க? அவன் அங்க குரங்காட்டம் ஆடிட்டு இருந்தான். கண்ணால பாத்ததைத்தான் போட்டேன்.”

“ரெண்டரை மணி நேரம் பட்டினியா உக்காத்தி வச்சா யாரா இருந்தாலும் ஆடுவாங்க. அதைப் போய் ஆறு மாசம்னு போட்டீங்களே.”

“ஆறு மாசமா நான் எங்கடி அவனைப் பாத்தேன்? காலைல போனா ராத்திரி அவன் தூங்கினப்புறம் வரேன். ஞாயித்துக்கெழமைகூட கடை. தெரியாததை எப்படி எழுதறது, நீயே சொல்லு.”

தம்பி தொண்டையைச் செருமினான். “மாமா, விடுங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டுல போடுவோம். தப்புன்னு அவுங்களே எழுதிக் குடுத்துட்டாங்க.”

“எதைடா குடுத்தாங்க? லேட்டு பண்ணது தப்புன்னாங்க. நோய்க்கு என் கையெழுத்தையே காட்றாங்க. கோர்ட்டுல அதைக் காட்டி என்னை எழுந்து நிக்கச் சொல்வாங்க, நீ பின்னால உக்காந்து பாக்கறியா?”

தம்பி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

எங்கள் புகாரில் தாமதம் ஒன்று, நோய் இரண்டு என்று எண் போட்டிருந்தோம். அவர்களும் அதே வரிசையில் பதில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாமதம்தான் அந்தப் படிவத்தை நிரப்பியது என்று நாங்களும் எழுதவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. முதல் பத்தியில் வருத்தம் தெரிவித்தவர்கள் இரண்டாம் பத்தியில் அந்த வருத்தத்தை மறந்துபோனார்கள். மரியாதையான கடிதம். திட்டவும் இடம் தராத கடிதம்.

“டீச்சர் ஃபார்ம் எங்க?” என்று கேட்டேன்.

“வண்டி பெட்டில இருந்துது. மழைல ஊறிப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஏங்க?”

“அந்த டீச்சர்தானே அவனைக் கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சிருக்கா? அவகிட்டப் போயி என் புள்ள பைத்தியமான்னு எழுதித் தான்னு கேக்கணுமா? முடியாது. அந்த கிளினிக் வாசலை நான் மிதிக்க மாட்டேன். நீயும் போகக் கூடாது.”

“அறிக்கை இல்லாம இந்த டெர்ம் தாண்டாது. அப்புறம் ஸ்கூல்லயே வேணாம்னுடுவாங்க.”

“வேற ஸ்கூல் இல்லையா சிதம்பரத்துல?”

இருக்கின்றன. அங்கேயும் நாற்காலிகள்தான் இருக்கும்.

அறைக்குள்ளிருந்து மகன் எட்டிப் பார்த்தான். “அம்மா, நான் பைத்தியமா?” என்று கேட்டான். அவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இல்லை என்று நான்தான் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடிப்போயிருந்தான்.

கடித உறைக்குள் புதிதாக இரண்டு படிவங்கள் இருந்தன, ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று பெற்றோருக்கு. இரண்டையும் என் கைப்பையில் வைத்தேன். அவர் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்: “டீச்சர்கிட்ட நாளைக்கே எழுதி வாங்கிட்டு சனிக்கிழமை நான் பஸ்ல கூட்டிட்டுப் போறேன். உங்களைக் கூப்பிடலை.” சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. “அன்னிக்கு நிரப்பினது தப்பாப் போச்சுன்னு அவுங்ககிட்ட சொல்லு,” என்றார். பிறகு, “நீ சரியா எழுது. உனக்குத்தான் தெரியும்,” என்றார். அதில் குத்தல் இருந்ததா, ஒப்புக்கொடுத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பால் காய்ச்சுவதற்கு முன்பே பெற்றோர் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். வீடு தூங்கிக்கொண்டிருந்தது. அவன் ஆடவில்லை, அழவில்லை, என் கண்முன் இல்லவே இல்லை. ஆறு மாதத்தை மட்டும் நினைத்தேன். முதல் கேள்வி, சின்னச் சின்ன விவரங்களைக் கவனிக்காமல் விடுகிறானா. இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்ட செருப்புகள், பாதியில் விட்ட கணக்குகள், பள்ளியிலேயே மறந்த டிபன் டப்பாக்கள். ‘அடிக்கடி’ கட்டத்தில் டிக் போட்டேன். பேசும்போது காது கொடுக்காததுபோல் இருக்கிறானா. நேற்று மாலை கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அவன் ஓடிய அறைவாசல் நினைவுக்கு வந்தது. அதற்கும் ‘அடிக்கடி’. உட்கார வேண்டிய இடத்தில் எழுந்துவிடுகிறானா என்ற கேள்விக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்து, மேஜையிலிருந்த கணவரின் நகலைக் கவிழ்த்துவைத்தேன். பிறகு பேனாவை எடுத்து, அவர் போட்டிருந்த அதே ‘மிக அடிக்கடி’ கட்டத்தில் நானும் போட்டேன்.