வலமிருந்து ஏறும் வரைபடம்

முனீர் அகமதுவின் சொத்து ஒரு ரப்பர் முத்திரை. தமாமில் பதினெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வேலூருக்குத் திரும்பி, லாங் பஜாரில் பூர்ணிமாவின் டி.டி.பி. கடையில் ஒரு மேசை போட்டுக்கொண்டவர். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் வேலை ஒப்பந்தங்களை அரபிக்கு மாற்றி, அடியில் முத்திரை குத்துவார். அந்த முத்திரை விழுந்த ஒரு தாளும் இதுவரை தப்பென்று திரும்பி வந்ததில்லை. ஒன்று வந்தால் போதும். அப்புறம் அந்த முத்திரையை எந்தத் தூதரகமும் மதிக்காது, அவரையும் யாரும் தேட மாட்டார்கள்.

இந்தமுறை வந்தது ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றின் வேலை. ரியாத்தில் இருக்கும் வியாபாரிக்கு நாலு பக்க அறிக்கை. பக்கத்துக்குப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் முத்திரை வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். முதல் மூன்று பக்கமும் வெறும் எழுத்து. அன்றே முத்திரை வாங்கிக்கொண்டன. நான்காம் பக்கத்தில் இரண்டு பட்டை வரைபடங்கள். ஏற்றுமதி வருடா வருடம் ஏறுகிறது. ஒரு தோலுக்குச் செலவாகும் தண்ணீர் வருடா வருடம் இறங்குகிறது. கம்பெனியின் பெருமை முழுக்க அந்த ஒரு பக்கம்தான்.

"அரபிக்காரன் வலப்பக்கமிருந்து படிப்பான்மா. 2020 வலது ஓரத்துல தொடங்கட்டும், 2024 இடது ஓரத்துல முடியட்டும். அளவுக்கோடும் வலப்பக்கம் வந்துரணும். கலர் விளக்கத்துல பெட்டி வலது, எழுத்து இடது" என்றார் முனீர்.

"நம்பரையும் திருப்பணுமா பாய்?"

"ஐயோ, 38 திரும்பினா 83 ஆகிடும். எண்ணு அப்படியே இருக்கட்டும். கம்பெனி சின்னத்தையும் திருப்பிடாத."

பூர்ணிமா செய்தாள். 2020-க்கு மேலே ஒரு நட்சத்திரம். அடிக்குறிப்பில் 'ஊரடங்கால் தொழிற்சாலை நான்கு மாதம் மூடியிருந்தது' என்று அரபியில் இருந்தது.

மறுநாள் காலை மேலாளர் சூரியபிரகாஷ் ஆம்பூரிலிருந்து காரில் வந்தார். தாளைப் பார்த்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பாய் இது? கம்பெனி வலப்பக்கம் சறுக்கி விழுது! தண்ணி வேற மாடி ஏறுது!"

"அது இடப்பக்கம் ஏறுது சார்."

"எங்க முதலாளி சாமிநாதன் ஐயாகிட்ட போய்ச் சொல்லுங்க, இடப்பக்கம் ஏறுதுன்னு! அவரு கணக்குப் படிக்க மாட்டாரு. கோடு வலப்பக்கம் மேல போனா தட்டிக் கொடுப்பாரு, கீழ போனா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. பட்டையை மட்டும் திருப்புமா. வருசம், எழுத்தெல்லாம் அங்கங்கயே இருக்கட்டும்."

பூர்ணிமா முனீரைப் பார்த்தாள்; வாடிக்கையாளர் சொல்லை மீற முடியாமல் பட்டைகளை மட்டும் திருப்பி ஒரு தாள் எடுத்தாள். சூரியபிரகாஷ் முகம் மலர்ந்தது. "இதான் வளர்ச்சி! முத்திரை குத்துங்க பாய். சாயங்காலம் கூரியர் போகணும்."

முனீர் முத்திரைப் பெட்டியை மூடினார்.

"சார், இதுல உசரமான பட்டை எதுமேல நிக்குது பாருங்க. 2020. அடியில நான் எழுதியிருக்கேன், அந்த வருசம் நாலு மாசம் கம்பெனி மூடியிருந்ததுன்னு. மூடினப்ப ஏற்றுமதி எகிறிச்சு, தொறந்ததும் படுத்துடுச்சுன்னு ரியாத்காரன் படிப்பான். அப்ப மூடியே வைங்கன்னு கடிதாசி போடுவான்."

பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முழுசா திருப்பலாம். இல்லன்னா வருசத்தையும் சேர்த்து மொத்தமா இங்கிலீஷ்ல இருக்கற மாதிரியே விட்டுடலாம், அதுவும் தப்பில்ல. பாதி திருப்பினா பொய் சார். பொய்க்கு என் முத்திரை இல்ல."

"அப்ப இங்கிலீஷ் மாதிரியே விடுங்க!"

"விடலாம். ஆனா வாங்கறவரு கடிதத்துல, வரைபடமெல்லாம் வலமிருந்துதான் வேணும்னு எழுதியிருக்காரு. நீங்கதான் அனுப்புனீங்க."

சூரியபிரகாஷ் கடிதத்தை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார். படித்துவிட்டு, "வேற ஆளு பார்த்துக்கறோம்" என்று எழுந்தார்.

முனீர் தடுக்கவில்லை. முழுதாகத் திருப்பிய பழைய தாளை எடுத்து, கடையின் கண்ணாடிக் கதவில் வெளிப்பக்கமாக ஒட்டினார். பஜாரின் வெயில் அதை ஊடுருவிக்கொண்டிருந்தது. "போறதுக்கு முன்னாடி, உள்ள நின்னே ஒரு தடவை பாத்துடுங்க சார்."

சூரியபிரகாஷ் தாளின் பின்புறத்தைப் பார்த்தார். பட்டைகள் ஒவ்வொன்றாய் வலப்பக்கம் ஏறின. தண்ணீர் படிப்படியாய் இறங்கியது.

"ஐயா ரூமுக்கும் கண்ணாடிக் கதவுதான்" என்றார் கடைசியில், ஞானம் வந்தவர்போல.

முனீர் முத்திரையைக் குத்தினார், முன்பக்கத்தில்.

ரியாத்துக்கு ஒரு பிரதி போனது. இன்னொன்று ஆம்பூரில் முதலாளி அறைக் கதவில், வெளியே பார்த்தபடி ஒட்டப்பட்டது. வெளியே நின்று பார்க்கிற தொழிலாளர்களுக்கு, கம்பெனி வருடத்துக்கு வருடம் நொடித்துப்போவதாகத் தெரிகிறது; வேறு வேலைக்கு மனு எழுத நாலு பேர் முனீரைத் தேடி வந்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற சாமிநாதன் ஐயாவோ தினமும் காபியோடு அதைப் பார்த்துச் சிரிக்கிறார். கம்பெனியின் சின்னம் மட்டும் ஏன் இடவலம் மாறியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டாராம்.

"அது அரபி ஐயா" என்றிருக்கிறார் சூரியபிரகாஷ்.