அப்பாவின் ஹாரன்

நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது ரெட்டிபாளையம் பள்ளி வளைவில் தினமும் மத்தியானம் ஒரு லாரி இரண்டு முறை ஹாரன் அடிக்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகும் எங்கள் அப்பா மணிவேலின் வண்டி அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பேன். சிரிப்பு மட்டும் வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவரின் புருவம்கூடக் கல் தூசியில் வெள்ளையாக இருக்கும்.

எனக்குத் தெரிந்து அப்பாவுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. ஸ்டியரிங் பிடித்தால் போதும். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் உட்கார்ந்து செய்கிற வேலையை அவர் நாற்காலி வேலை என்பார். அதைச் சொல்லும்போது முகம் புளித்துப்போகும்.

இந்த வருடம் ஓட்டுநர்களுக்கான உடல் பரிசோதனை வருவதற்கு முன் அப்பாவுக்கு வயிறு கெட்டுப்போனது. நாலைந்து நாளாக நிற்கவில்லை. கல் ஏற்றும் குழியில் கழிப்பறை கிடையாது. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, கடுங்காப்பியை மட்டும் குடித்துக்கொண்டு ஓட்டினார். அம்மா இளநீர் வாங்கி வைத்தால், "குளிர்ச்சி, இன்னும் போவும்" என்று தள்ளிவிட்டார். வாழைப்பழத்துக்கும் அதே பதில்தான்.

பரிசோதனையில் ரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி.யும் பார்த்தார்கள். மறுநாள் அரியலூரில் இருந்த கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அம்மா புவனேஸ்வரியும் நானும் கூடப் போனோம். டாக்டர் மணிமொழி தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பொட்டாசியம் மூணு புள்ளி ரெண்டு இருக்கு. மூணரைக்கு மேல இருக்கணும். ரொம்ப மோசம் இல்ல, லேசான குறைவுதான். கை கால் அசதி, தசைப்பிடிப்பு, நெஞ்சு படபடப்பு எதாவது உண்டா?"

"இல்லீங்க."

"வாந்தி, வயித்துப்போக்கு? பேதி மாத்திரை, பி.பி. மாத்திரை ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க." அப்பா தரையைப் பார்த்தார். வயிற்றுப்போக்கு என்று சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தார். ஒரு பெண் டாக்டரிடம் சொல்ல வெட்கம் வேறு.

"அப்ப காரணம் தெரியலையே. திருச்சிக்கு அனுப்பி கிட்னி, சுரப்பி எல்லாம் பாக்கணும். அது வரைக்கும் வண்டி எடுக்க வேணாம்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. அம்மா அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பொய்யிங்கம்மா. நாலஞ்சு நாளா வயித்தால போயிட்டே இருக்கு. ராத்திரி பூரா கொல்லைக்கு ஓடுறாரு. காலைல வண்டில ஏறிப் போயிடுறாரு. ஒரு வாய் சோறு கெடையாது, காப்பித் தண்ணிதான்."

"அடி, சும்மா இருடி."

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? திருச்சிக்கு நீங்க போயிட்டு வாங்க, நான் வரல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு உப்பும் பொட்டாசியமும் போய்விடும், சாப்பாடும் நின்றதால் ஈடுகட்ட வழியில்லாமல் போனது என்று டாக்டர் விளக்கினார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா திருச்சிப் பேச்சே வந்திருக்காது. ஈ.சி.ஜி. சரியா இருக்கு, கிட்னியும் சரி. பொட்டாசியம் சிரப் தரேன், சாப்பிட்டப்புறம் ஒரு டம்ளர் தண்ணில கலந்து மெதுவா குடிங்க. உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கரைச்சுக் குடிங்க. சோறு, பழம், இளநீர் எல்லாம் சாப்பிடலாம். தள்ளி வைக்க வேணாம். அடுத்த வாரம் மறுபடி பாத்துட்டு, சரியா இருந்தா வண்டிக்குப் போவலாம். நடுவுல நெஞ்சு படபடத்தாலோ கை கால் தளர்ந்தாலோ ஒடனே வந்துருங்க."

அந்த வாரம் அப்பாவின் வண்டியை அவர் கூட வேலை செய்யும் நல்லதம்பி மாமா ஓட்டினார். போகும்போதெல்லாம் எங்கள் தெருமுனையில் நிறுத்திவிட்டு, "மச்சான், இஞ்சின் ஒன்னயத் தேடுது. நீ நாற்காலில சாஞ்சுக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று சீண்டுவார். அப்பா சிரப் டம்ளரைப் பிடித்துக்கொண்டு முறைப்பார். அந்த சிரப்பின் ருசி முகத்தைக் கோணச் செய்யும். நான் சின்ன வயதில் மருந்து குடிக்க அழுதால் அவர்தான் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இப்போது என் முறை.

வயிறு இரண்டாம் நாளே அடங்கியது. அடுத்த வாரம் நானும் அவரும் அரியலூர் போனோம். பொட்டாசியம் மூணு புள்ளி ஒன்பது. தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறியதும் அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீடு வரும் வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் மத்தியானம் நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி வளைவில் ஹாரன் கேட்டது, இரண்டு முறை. அங்கே நான் படித்து எத்தனையோ வருடமாகிறது.

"பைத்தியம்" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. பிறகு, "வாழைப்பழம் வண்டில இருக்குல்ல, போட்டேனே?" என்று கேட்டாள்.