இரண்டாயிரத்து ஐநூறுக்குக் கீழே

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் முதல் மாடியில், சீருடைப் பிரிவில் பில் போடுகிறேன். பள்ளிக்கூடம், மில், ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று மொத்தமாக வாங்க வருகிறவர்கள்தான் எங்கள் பிரிவுக்கு வருவார்கள். டேக்கில் இருக்கும் விலைக்கு மேல் வரி தனி. அதனால் எதற்கு எத்தனை சதவீதம் என்பது மனப்பாடமாகிவிட்டது. ஆயத்த ஆடையில் ஓர் உருப்படியின் விலை இரண்டாயிரத்து ஐநூறு வரை ஐந்து சதவீதம். அதற்கு மேல் போனால் பதினெட்டு. பெல்ட்டுக்கு எப்போதும் பதினெட்டு.

இந்த இரண்டாயிரத்து ஐநூறு புதுக் கணக்கு. வரி விகிதங்களை மாற்றியபோது வந்தது. அது வந்து கொஞ்ச நாளில்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். கல்யாணம், நோம்பி, கோயில் திருவிழா என்று வாசிக்கிற பேண்டு குழுவின் தலைவர். குழுவில் பன்னிரண்டு பேர். அவர் கிளாரினெட் வாசிப்பவர். ஒரு பெரிய கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண் வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி கோட்டுப் போட்டு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

முதல் முறை விலை கேட்கத்தான் வந்தார். மெரூன் நிறத்தில், தோளில் தங்க நூல் வைத்த கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டேக்கில் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது.

"ஏனுங் அம்மணி, பன்னெண்டு எடுத்தா என்ன கொறைப்பீங்க?"

"பத்துப் பெர்சன்ட் டிஸ்கவுண்ட் இருக்குதுங்கண்ணா. சட்டை, பெல்ட்டுக்கும் சேர்த்துத்தானுங்க."

எஸ்டிமேட் சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். கோட்டுப் பன்னிரண்டு, சட்டை பன்னிரண்டு, பெல்ட் பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. பத்து சதவீதம் போக முப்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பது. வரி அதற்குப் பிறகுதான். பில்லிலேயே காட்டிக் கொடுக்கிற தள்ளுபடியைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் வரி போட வேண்டும். தள்ளுபடி போக ஒரு கோட்டு இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தைந்து. இரண்டாயிரத்து ஐநூறுக்குக் கீழே வந்துவிட்டதால் ஐந்து சதவீதம். சட்டைக்கும் ஐந்து, பெல்ட்டுக்குப் பதினெட்டு. வரி மட்டும் இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. ஆக நாற்பத்தோராயிரத்து நூற்று எழுபத்தைந்து.

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதுக்கு மேல வராதுங்களே?" என்றார்.

"வராதுங்கண்ணா," என்றேன்.

அடுத்த வாரம் மத்தியானம் டிரம் வாசிப்பவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை கல்யாணம். அளவுக் குறிப்பை வைத்து ஒவ்வொரு கோட்டாக எடுத்து வைத்தோம். இருந்த ஸ்டாக்கில் அளவு சரியாகப் பன்னிரண்டும் கிடைத்தது. நானும் சந்தோஷமாகப் பார்கோடைத் தட்டினேன். பத்து சதவீதம் போட்டேன். தொகை வந்தது: நாற்பத்தைந்தாயிரத்து முப்பத்தாறு.

ஏதோ ஓர் உருப்படியை இரண்டு தடவை தட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வரிசையாகப் பார்த்தபோது புரிந்தது. கம்ப்யூட்டர் தள்ளுபடியைச் சரியாகத்தான் கழித்திருந்தது. ஆனால் சதவீதத்தை டேக் விலையை வைத்து எடுத்திருந்தது. இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது என்றதும் பதினெட்டு என்று முடிவு செய்துவிட்டு, அந்தப் பதினெட்டைத் தள்ளுபடி போன விலைக்குப் போட்டிருந்தது. கோட்டுக்கு மட்டும் ஐந்தாயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய் வரி. ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து வர வேண்டிய இடத்தில்.

எஸ்டிமேட் கையால் எழுதியது. விகிதம் மாறிய பிறகு, இப்படித் தள்ளுபடியில் எல்லை தாண்டி இறங்குகிற உருப்படி எதையும் அதுவரை நான் பில் போட்டதில்லை. அதனால் தெரியவில்லை.

மாடி மேனேஜரைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல பையன்தான்.

"டேக்ல ரெண்டாயிரத்து எழுநூத்தம்பதுன்னு இருக்குதுங்க்கா. அப்பப் பதினெட்டுதானுங்க."

"டேக்கைப் பார்க்கக் கூடாதுங்க. விக்கிற வெலை என்னவோ அதைத்தான் பார்க்கோணும். ரெண்டாயிரத்து நானூத்து எழுபத்தஞ்சுக்குத்தானே விக்கிறோம்?"

அவர் திரையைப் பார்த்தார். "நீங்க சொல்றது சரியாட்டத்தான் இருக்குது. ஆனா நான் எப்படி மாத்தறதுங்க? பாஸ்வேர்டு மொதலாளிகிட்ட இருக்குது."

"கோட்டு வெலையையே நானூத்து எழுபத்தஞ்சுன்னு திருத்திப் போட்டா?"

"அதுக்கும் அதே பாஸ்வேர்டுதானுங்க."

முதலாளிக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. விமானத்தில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. சாப்ட்வேர்காரர் எடுத்தார். முதலாளி சொல்லாமல் விகிதத்தைத் தொடமாட்டேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கையாலேயே பில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மேனேஜர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவருக்கும் குழந்தை குட்டி இருக்கிறது.

இதையெல்லாம் எதிரில் நின்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பையிலிருந்து என் சீட்டை எடுத்து மேஜையில் விரித்து வைத்தார். கோபமாக அல்ல. ஆஸ்பத்திரியில் பழைய மருந்துச் சீட்டைக் காட்டுவது போல.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களே அம்மணி?"

"என்னுதுதானுங்க. நான் எழுதினதுதான் சரிங்க. மிசின் தப்பாப் போடுது."

"அப்ப சரியாப் போடச் சொல்லுங்."

நாளைக்கு வர முடியுமா என்று மேனேஜர் கேட்டார். நாளைக் காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டும் என்றார் டிரம்காரர். அவர்கள் கொண்டுவந்தது நாற்பத்தோராயிரத்து ஐநூறு. அதில் பஸ்ஸுக்கும் எடுக்க வேண்டும்.

என் கைப்பையில் முந்நூறு ரூபாய் இருந்தது. மாதக் கடைசி. எடுத்துக் கொடுத்தாலும் பற்றாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பற்றாது என்பது உண்மை. கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

"சட்டையும் பெல்ட்டும் எல்லாருக்கும் வேணுமுங்க," என்றார் பெரியவர். "ஒரு கோட்டை எடுத்துட்டுப் போடுங்."

ஒன்றை எடுத்தேன். நாற்பத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினைந்து ரூபாய் ஐம்பது காசு. அப்போதும் மேலே நின்றது. இன்னொன்றை எடுத்தேன். முப்பத்தொன்பதாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"எங்க ரெண்டு பேருக்கும் வேண்டாமுங்க," என்றார் பெரியவர். டிரம்காரர் தன் அளவுக் கோட்டை ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தார். அதை மடித்து வைத்ததும் நான்தான்.

மறுநாள் முதலாளி வந்தார். சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. உடனே ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் ஆடிட்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"உங்க அம்மணி சொல்றதுதான் சரிங்க," என்றார் ஆடிட்டர். "தள்ளுபடி போக வர்ற வெலையை வெச்சுத்தான் எந்த வரி ஸ்லாபுன்னு பார்க்கோணும்."

"அப்ப அந்தப் பில்லை என்ன பண்றதுங்க?"

"கிரெடிட் நோட் போட்டு, அதிகம் வாங்கினதை அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க. குடுக்காட்டி அது கவர்மென்ட்டுக்குத்தான் போகும். நீங்க வெச்சுக்க முடியாது."

அன்றைக்கே சாப்ட்வேரைத் திருத்தினார்கள். பத்து கோட்டுக்கு அதிகம் வாங்கியது மூவாயிரத்து இருநூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது காசு. சரியான வரியோடு ஒரு கோட்டு இரண்டாயிரத்து ஐநூற்றுத் தொண்ணூற்றெட்டே முக்கால்தான். திரும்ப வேண்டிய காசிலேயே ஒரு கோட்டு வந்திருக்கும். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் பெரியவருக்குப் போன் செய்தேன். கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டேன்.

"நடந்துதுங் அம்மணி. நாங்க ரெண்டு பேரும் சட்டையோட பின்னால நின்னுக்கிட்டோம். கடைசில பொண்ணூட்டுக்காரரு கோட்டை எண்ணிப் பார்த்துப்போட்டு, பத்துப் பேருக்குத்தான் காசு குடுத்தாருங்க."

பணம் திரும்பி வரும், பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

"ரெண்டு கோட்டு ஏன் வரலைன்னு காட்டுறதுக்குப் பில்லை அவருகிட்டக் குடுத்தனுங்க. அவரு திருப்பித் தரலைங்க."

பில் இல்லாமல் கொடுக்க முடியாதா என்று முதலாளியிடம் கேட்டேன். நகல்தான் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே என்றேன். ஆடிட்டரைக் கேட்டுச் செய்யலாம் என்றார். ஆடிட்டர் அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்கிற மும்முரத்தில் இருந்தார். அது முடிந்ததும், வாங்கியவர் கையெழுத்து வேண்டும், நேரில் வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நேரில் வந்தால் பெரியவருக்கு ஒரு நாள் போகும். முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து இருந்தன. நான் கிரெடிட் நோட்டுக்கான சீட்டை எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதி வைத்தேன். அவர் ஒருமுறை, "மறந்தே போச்சுங்க, ஞாபகப்படுத்துங்க," என்றார். ஞாபகப்படுத்தினேன். இரண்டு தரம். மூன்றாம் தரம் கேட்க வாய் வரவில்லை. சம்பளம் வாங்குகிற இடம்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவரே கூப்பிட்டார். பணத்துக்குத்தான் என்று நினைத்து, போனை எடுக்கும் முன்பே சொல்ல வேண்டிய சமாதானத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அம்மணி, அதே மெரூன்ல ரெண்டு கோட்டு இருக்குதுங்களா? சீசன் வருது. பத்துப் பேராவே போயிட்டிருக்கோம்."

பழைய ஸ்டாக் தீர்ந்துவிட்டிருந்தது. புதிதாக வந்திருந்ததில் தையல் அப்படியேதான், டேக்கில் மட்டும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். பத்து சதவீதம் கழித்துப் பார்த்தேன். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. இரண்டாயிரத்து ஐநூறுக்குக் கீழே இறங்கவில்லை. இந்த முறை பதினெட்டு சரியாகவே பதினெட்டு. ஒரு கோட்டு மூவாயிரத்து எழுபத்தொன்பது ரூபாய் எண்பது காசு ஆகும் என்றேன்.

"டிஸ்கவுண்ட் போகவா?" என்றார்.

"போகத்தானுங்கண்ணா."

"வரி கொறையும்னு அன்னைக்குச் சொன்னீங்களே அம்மணி."

அது வேறு விலை, இது வேறு விலை என்று விளக்கினேன். நூற்றுப் பத்து ரூபாய் எல்லை தாண்டிவிட்டதால் முழு விலைக்கும் பதினெட்டு என்று சொன்னேன். நான் சொன்னதெல்லாம் சரி. அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் யாரோ டிரம்மைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங் அம்மணி, நீங்க என்ன பண்ணுவீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.