சின்னவள் மாட்டுச் சீம்பால்

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. காரணம் கேட்டால் அப்போது ஒன்றும் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் நல்லவள், அதுதான் காரணம்.

கல்லாவிக்குப் பக்கத்தில் ஒரே கொட்டகையில் எங்கள் இருவர் மாடுகளும் நின்றன. என்னுடையது தாய்வீட்டுச் சீராக வந்தது, அவளுடையதும் அப்படித்தான். அவள் ஓசூர்ப் பக்கத்துக்காரி. அவள் அப்பா அங்கே ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர். மாட்டிடம் அவள் கன்னடத்தில் பேசுவாள். முட்டுகிற மாடுகூட அவளுக்குக் காதைத் தொங்கப்போட்டு நிற்கும். என் மாடும் அப்படித்தான் நிற்கும் என்பது என் வயிற்றெரிச்சல்.

முந்தின ஈத்தில் என் மாட்டின் தலைச்சன் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. அவள் கன்று துள்ளிக்கொண்டு திரிந்தது. வாசலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

மறு ஈத்தில் இரண்டு மாடுகளும் ஒரே விடிகாலையில் ஈன்றன. இரண்டும் கிடாரிக் கன்றுகள். என்னுடையது நெற்றியில் வெள்ளை விழுந்த செவலை. இதையாவது பிழைக்க வைக்கவேண்டும் என்று வேண்டாத சாமியில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாடு நஞ்சுக்கொடி போடும்வரை கன்றை மடியில் விடக்கூடாது, பாலும் பீச்சக்கூடாது. முன்னாலேயே பால் இறங்கினால் கொடி மேலே ஏறிக்கொள்ளும் என்பார் மாமியார். அவர் பேச்சை மீறி அந்த வீட்டில் அடுப்புகூட எரியாது.

அவள் மாடு கொஞ்ச நேரத்திலேயே கொடி போட்டுவிட்டது. கன்றை உடனே மடியில் விட்டாள். அது வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. என் மாட்டுக்குக் கொடி பாதி தொங்கியபடியே நின்றது. முதல் ஈத்திலும் இப்படித்தான் பொழுது சாயும்வரை தொங்கியது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. சாமல்பட்டியில் ரயில் ஊதியது கேட்டது. முதலில் எழுந்து தள்ளாடி நின்ற என் கன்று இப்போது படுத்துக்கொண்டது. வாயில் விரலை வைத்தால் சப்புவதும் குறைந்துபோயிற்று. மாமியாரிடம் கெஞ்சினேன். கொடி விழட்டும் என்றார், அவ்வளவுதான்.

அப்போது ஓரகத்தி ஒரு குண்டானோடு வந்தாள். தன் மாட்டில் அப்போதுதான் பீச்சிய சீம்பால், மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது.

"அத்தை, எம்மாடு கொடி போட்டுச்சு. இது எம்மாட்டுப் பாலு. இதக் குடுக்கலாம் இல்ல?" என்றாள்.

மாமியார் யோசித்தார். வழக்கத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. தலையை ஆட்டினார்.

எனக்கு வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சாயங்காலம் என் மாட்டுப் பாலையே கொடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"சாயங்காலம் குடிச்சா பசிதாங்க்கா ஆறும்," என்றாள். "சீம்பாலோட சத்து குடல் வழியா ஒடம்புல ஏறுறது பொறந்த கொஞ்ச நேரந்தான். நேரம் போகப் போக அந்த வழி அடைஞ்சிரும். கழிச்சல் வராம காக்கறது அந்த மொதப் பாலுதான். போன தடவ ஒங்க கன்னு குடிக்கறப்போ இருட்டிப்போச்சு."

அவள் குத்திக்காட்டவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. கன்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. நகர்ந்து இடம் விட்டேன்.

அடுப்பில் காட்டினால் திரிந்துபோகும் என்று மடிச்சூட்டோடேயே கொடுத்தாள். வாயில் ஊற்றினால் நெஞ்சில் ஏறும் என்று விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்தாள். சப்பச் சப்ப விரலை மெல்லப் பாலுக்குள் இறக்கினாள். பாதிக் குண்டானுக்கு மேல் போனபின் கன்று முன்னங்காலை ஊன்றி எழுந்தது. எழுந்து அவள் முந்தானையைச் சப்பியது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், என் முந்தானைக்கு என்ன கேடு?

என் மாட்டுக்குப் பிற்பகலில் கொடி விழுந்தது. அதற்குப்பிறகு கன்று தாயிடமே குடித்தது. கழிச்சல் எட்டிப் பார்க்கவில்லை. வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது, சின்னவள் மாட்டுப் பால் பெரியவள் கன்றுக்குப் போய்விட்டது, அதனால்தான் கொஞ்சம் என்று மாமியார் வீடு வீடாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் கிடாரி வளர்ந்து, மத்தூரிலிருந்து வந்தவர்கள்கூட நின்று பார்க்கும்படி ஆனது. யாருடைய மாடு என்று கேட்பார்கள். அக்கா மாடு என்பாள் அவள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அதன்பின் என் கொட்டகைப் பக்கம் எந்த மாடு ஈன்றாலும், கன்று எழுந்து நின்றதுமே மடியில் விட்டுவிடுவேன். கொடி விழுந்ததா என்று பார்ப்பதில்லை. மாமியார் கத்துவார், ஊரைக் கூட்டுவார். கத்தட்டும். குண்டானைத் தூக்கிக்கொண்டு அவள் இன்னொரு முறை என் எதிரில் வந்து நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.