அவள் மாத்திரையை விழுங்கித்தான் இருந்தாள்

எழுபதுகளின் கடைசியில், வைகைக்கு வடகரையில் இருந்த ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. ரத்தப் பரிசோதனைக்கென்று படித்த டாக்டர் நான் ஒருத்திதான். ரத்தம் எடுப்பதும், அதைக் கண்ணாடிச் சில்லில் தீற்றிச் சாயம் ஏற்றுவதும், நுண்ணோக்கியில் பார்ப்பதும், முடிவை எழுதி வார்டுக்கு எடுத்துப் போவதும் என் பாடு. பிரசவ வார்டு என் சிநேகிதியின் பொறுப்பு. நாங்கள் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். கோரிப்பாளையத்தில் ஒரே வீட்டு மாடியில் குடியிருந்தோம்.

ஒரு பங்குனி மாதக் காலையில் திருவாதவூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். ஏழு மாதம். மூன்றாவது பிரசவம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசல்வரை வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. உள்ளங்கை வெளுத்து, கண்ணில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்தரை கிராம். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை.

அவளிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோமே, என்ன செய்தாய்?

"முழுங்குனேன்" என்றாள் அவள்.

"முழுங்கியிருந்தா ரத்தம் ஏறியிருக்கணும்" என்றார் வார்டு நர்ஸ். "இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் எறிஞ்சுட்டு வந்து நம்மகிட்டயே கத சொல்றது."

கூட வந்த கணவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் சந்தேகந்தேன் டாக்டரம்மா. குமட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. வரப்புல எங்கயும் போட்டுட்டு வாராளோ என்னமோ."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. நான் அவள் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

இரும்பு குறைந்த ரத்தத்தைத் தினமும் பார்ப்பவள் நான். சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, வளையம் வளையமாகக் கிடக்கும். அதை எதிர்பார்த்துத்தான் குனிந்தேன். கண்ணாடிக்குக் கீழே கிடந்தவை வேறு. எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பெருத்து, முட்டை வடிவில், நிறம் நிறைந்து கிடந்தது. நான் சில்லை நகர்த்தினேன். ஒரு வெள்ளணு வந்தது. வழக்கமாக அதன் உட்கரு மூன்று மடலாகவோ நான்கு மடலாகவோ இருக்கும். எண்ணினேன். ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறுதான். பக்கத்தில் இன்னொன்று, அதில் ஐந்து.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். புத்தகத்தில் படமாகப் பார்த்ததை முதல்முறையாக நானே கண்டுபிடித்திருந்தேன். கையுறையைக் கழற்றாமலே வார்டுக்கு ஓடினேன்.

"ஒரு விஷயம் கேக்கறேன். வெளிக்கிப் போறது என்ன நிறத்துல இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் கூசினாள். "கருப்பா. மை மாதிரி. மாத்திர ஆரம்பிச்ச நாள்லருந்து."

இரும்பு மாத்திரை விழுங்கினால் அப்படித்தான் போகும். அதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. நான் நர்ஸைப் பார்த்தேன், கணவனைப் பார்த்தேன். "இவுங்க ஒரு மாத்திரகூட எறியல. இரும்பு உள்ள போயிருக்கு. குறை இரும்புல இல்ல, ஃபோலிக் அமிலத்துல. கீரையில இருக்கிற சத்து அது."

சிநேகிதி என்னை ஓரமாக இழுத்தாள். "நிச்சயமா? பி12 குறைஞ்சாலும் இதே படந்தான வரும்."

அவள் கேட்டது சரி. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். நரம்பைச் சோதிக்க, சிநேகிதி இசைக்கவையைத் தட்டி அந்தப் பெண்ணின் கணுக்காலில் வைத்தாள். அதிர்வு தெரிந்தது. கை கால் மரப்பு இல்லை. கண்மாய் மீனும் மோரும் சாப்பிடுகிறவள், பி12 அதிலேயே கிடைத்துவிடும். கீரை மட்டும் மாதக்கணக்காகக் கண்ணில் படவில்லை. மழை பொய்த்த வருஷம். கிடைத்த அன்றும் குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டியிருக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் அதிலேயே போய்விடும்.

எலும்பு மஜ்ஜையையும் பார்த்துவிட வேண்டும் என்றேன். இடுப்பெலும்பில் ஊசி இறக்க வேண்டும், வலிக்கும் என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"பொய் சொல்லலன்னு அதுல தெரியுமா?"

"தெரியும்."

"அப்பக் குத்துங்க" என்றாள்.

மறுநாள் காலை அந்த மஜ்ஜையைப் பார்த்தேன். சிவப்பணுவாக ஆக வேண்டிய இளம் அணுக்கள், வழக்கத்தைவிடப் பெரிதாக, கூட்டம் கூட்டமாக நின்றன. உட்கரு முதிராமல் சல்லடைபோல் திறந்து கிடந்தது. ஆனால் அதைச் சுற்றிய சதையில் ஹீமோகுளோபின் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரே அணுவுக்குள் ஒரு பாதி பிஞ்சு, ஒரு பாதி காய்.

சிநேகிதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெண்ணும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். அவளையும் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன்.

"இந்த நீலப் பந்தெல்லாம் என்னுதா?"

"உங்களுதுதான். இதுக ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகிப் பெருகணும். பிரியறதுக்கு முன்னால, உள்ள இருக்கிற டி.என்.ஏ.ங்கிற எழுத்த முழுசா இன்னொரு பிரதி எடுக்கணும். அதுல மொத்தம் நாலே எழுத்து. அதுல ஒண்ண செய்யறதுக்கு ஃபோலிக் அமிலம் வேணும். அது இல்லன்னா பிரதி பாதியில நிக்குது."

"நின்னுட்டா அப்படியே இருந்துற வேண்டியதுதான. ஏன் இம்புட்டுப் பெருசாகணும்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. "பிரியறதுக்குத்தான் அந்த எழுத்து வேணும். அணு தன் உடம்ப வளர்க்கிற வேலைக்கு வேற எழுத்து, அதுக்குத் தட்டுப்பாடு இல்ல. அதனால அந்த வேலை நிக்காம நடக்குது."

"அப்ப, பாகம் பிரியாமயே உக்காந்து தின்னுக்கிட்டு இருக்குதுக" என்றாள்.

சிநேகிதி சிரித்துவிட்டாள். நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். இப்படிப் பெருத்தவற்றில் பல, மஜ்ஜையை விட்டு வெளியே வராமலே செத்துவிடும். அந்தச் சிதைவுதான் கண்ணில் தெரிந்த மஞ்சள். தப்பித்து வருபவை கொஞ்சம், அவையும் பெருத்தே வரும்.

ஃபோலிக் அமில மாத்திரை அன்றே தொடங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று சிநேகிதி பி12 ஊசியும் போட்டாள். இரும்பையும் நிறுத்தவில்லை. புது அணுக்கள் உண்டாகத் தொடங்கினால் அதுவும் வேண்டும். அவசரமானால் ஏற்ற ஒரு பாட்டில் ரத்தமும் பொருத்தம் பார்த்துத் தயாராக இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் ஊரில் எல்லோருக்கும்தான் கீரை இல்லை. இவள் ஒருத்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைந்தது?

"வயிறு ஏழு மாசத்துக்குப் பெருசாத்தான் இருக்கு" என்றாள் சிநேகிதி. "நாள் கணக்கத் தப்பாச் சொல்றாங்கன்னு நெனச்சேன்." சொல்லி முடிக்கும்முன் அவள் முகம் மாறியது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க அன்றைக்கு எங்களிடம் இருந்தது மரக்குழல்தான். சிநேகிதி வயிற்றைத் தடவி, வலப்பக்கம் மேலே ஓரிடத்தில் குழலை வைத்தாள். இன்னொரு குழலை என்னிடம் நீட்டி இடப்பக்கம் கீழே காட்டினாள். நான் படித்த காலத்துக்குப் பிறகு அதைத் தொட்டதேயில்லை. காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. சற்று நகர்த்தியதும், தலையணைக்கடியில் கைக்கடிகாரம் ஓடுவது போல, அது வந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து "இப்ப" என்றார். இருவரும் எண்ணினோம். ஒரு நிமிஷம் முடிந்தது.

"நூத்தி முப்பத்தாறு" என்றாள் சிநேகிதி.

"நூத்தி ஐம்பத்திரண்டு" என்றேன்.

ஒரே நிமிஷத்தில் இரண்டு கணக்கு வந்தால் உள்ளே துடிப்பது இரண்டு இதயம். பிறகு நர்ஸ்தான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெட்டப் புள்ளடி தாயி" என்றார். இரண்டு குழந்தைகள் வளர அணுக்கள் எத்தனை முறை பிரிய வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் அதே எழுத்து. அவளிடம் இருந்த கொஞ்சத்தை இரண்டு பேர் உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நான் தினமும் அவள் விரலைக் குத்தினேன். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த புது அணுக்களில் நீலச்சாயம் வலைபோலப் படியும். அவற்றை எண்ணினால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் நாள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் நான்கு. இரண்டு வேளை தோசை சாப்பிட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னார். ஆறாம் நாள் பார்த்தால் எங்கே திருப்பினாலும் நீல வலை. பதினெட்டு. எண்ணியதை நம்பாமல் சிநேகிதியையும் எண்ண வைத்தேன். அவளுக்குப் பத்தொன்பது வந்தது. இருவரும் கான்டீனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு ஜிகர்தண்டா குடித்தோம்.

கணவன் அன்று ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்திருந்தான். கட்டிலருகே நின்று, அவளைப் பார்க்காமல் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தப்பாச் சொல்லிட்டேன் புள்ள."

"ஆமா" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "ரொம்ப வேகவிடக் கூடாதாம். சமையக்கட்டுல சொல்லிக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

வைகாசியில் பிரசவம். இரண்டும் பெண். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூட ஒன்று, சற்றுக் குறைய ஒன்று. தாயின் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டிருந்தது. "பிள்ளைகளுக்கும் பாத்துருங்க" என்று அவளே சொன்னதால் தொப்புள்கொடி ரத்தத்தைத் தீற்றிப் பார்த்தேன். அணுக்கள் அத்தனையும் பெரிது. தாயின் குறை பிள்ளைகளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். உடனே வெள்ளணுக்களைத் தேடினேன். மூன்று மடல், இரண்டு மடல், மூன்று மடல். அப்போதுதான் நினைவு வந்தது. பிறந்த குழந்தைக்குச் சிவப்பணு பெரிதாகத்தான் இருக்கும், அது இயல்பு. எனக்கு நானே சிரித்துக்கொண்டு வார்டுக்கு நடந்தேன். தூரத்திலேயே இரண்டு குரல்கள் கேட்டன. இரண்டும் ஒரே சமயத்தில், ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு.