மேசையில் நிற்காத கட்டுரை

தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தத் தெருவுக்கு என்றோ மறந்துபோயிற்று. எல்லாருக்கும் அவள் மெஷினக்கா. முப்பது வருடமாகக் கையில் எண்ணெய், நாக்கில் காரம். ஒன்பது வருடமாக வலைப்பூ ஒன்றும் நடத்துகிறாள். எந்த ஊரிலோ நூல் சிக்கி உட்கார்ந்திருக்கும் தையல்காரர்கள் அதைத் தேடி வந்து படிக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு விதி: யார் எழுதி அனுப்பினாலும், சொன்னதைக் கடை மேசையில் செய்து பார்க்காமல் அக்கா போட மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கட்டுரை தலைவாரிப் பூச்சூடிக்கொண்டு வந்தது. "இன்றைய வேகமான உலகில் தையல் இயந்திரம் ஒவ்வொரு இல்லத்தின் நம்பிக்கைக்குரிய துணைவன்" என்று ஆரம்பம். ஏழு குறிப்புகள், ஏழுக்கும் ஒரே நீளம். அனுப்பியவள் தன்னைப் பற்றி எழுதியிருந்தது ஒரு வரிதான்: "நானும் தையல்காரி."

"அக்கா, இது ஏஐ எழுதினதுதான். கண்டுபிடிக்கிற சைட்டுல போட்டேன், தொண்ணூத்தி மூணு சதவீதம்னு காட்டுது," என்றாள் வலைப்பூ வேலையைக் கவனிக்கும் தங்கை. "அப்படியே எழுதி மூஞ்சில அடிச்ச மாதிரி அனுப்பிடலாமா?"

அக்காவுக்கும் கை துறுதுறுத்தது. ஆனாலும், "நான் போன வருஷம் எழுதினதையும் அதுல போட்டுப் பாரு," என்றாள்.

போட்டாள். எண்பத்தெட்டு.

"அப்போ நான் முக்கால்வாசிக்கு மேல மெஷினா?" அக்கா சிரித்த சிரிப்பில் தங்கையும் சேர்ந்துகொண்டாள். சிரித்து முடித்ததும் அக்காவின் முகம் மாறியது. ஒருவேளை அந்தப் பெண்ணே எழுதியிருந்தால்? தையல் தொழில் செய்கிறவளைத் திருடி என்று சொன்ன பாவம் யாருக்கு? அதற்காகப் போடவும் முடியாது. இதைப் போட்டால் ஒன்பது வருடப் பேர் ஒரே நாளில் போய்விடும்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமான்னு மேசையில பாத்துருவோம்."

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் கீழே நூல் சுற்றியிருக்கிற பாபினை இறுக்குங்கள் என்றது நான்காம் குறிப்பு. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்காமலே அக்கா வேண்டுமென்றே மேல்நூலைக் கோத்தாள். ஃபுட் கீழே இருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் நடுவில் போய் உட்காராது. புதிதாகத் தைப்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. ஓட்டியதும் அடியில் கூடு கட்டியது. குறிப்பின்படி பாபினை இறுக்கினாள். கூடு போகவில்லை. பாபினைப் பழையபடி வைத்து, ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்தாள். தையல் சுத்தமாக விழுந்தது.

பிறகு மூன்று முறை எழுதி அழித்து, நான்காம் முறை அனுப்பினாள்:

"வணக்கம். நேரம் ஒதுக்கி எழுதி அனுப்பியதற்கு நன்றி. இந்தக் கட்டுரையை எங்களால் வெளியிட முடியவில்லை. நான்காம் குறிப்பை எங்கள் மேசையில் செய்து பார்த்தோம். கூடு போகவில்லை, மேல்நூலை மறுபடி கோத்ததும் போனது. எந்த மெஷின், என்ன துணி, எங்கே மாட்டிக்கொண்டது என்பதையும் கட்டுரையில் காண முடியவில்லை. இதை எப்படி எழுதினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, ஊகிக்கவும் விரும்பவில்லை. நீங்கள் உங்கள் கையால் சரிசெய்த ஒரே ஒரு கோளாறை, வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல எழுதி அனுப்புங்கள். ஆசையோடு படிப்போம்."

"இவ்வளவு மரியாதையா?" என்றாள் தங்கை.

"கட்டுரையதான் வேணாம்னேன், ஆளை இல்ல."

மூன்றாம் நாள் பதில் வந்தது.

"அக்கா, நா பேக்டரில இருவது வருசம் தச்சவ. எளுத்து சரியா வராது. அசிங்கமா இருக்கும்னு கம்யூட்டர எளுத சொன்னேன், மன்னிச்சிருங்க. படிச்சும் பாக்கல. நா சொன்னத ஒருத்தர் மிசின்ல வச்சி பாப்பாங்கனு நெனைக்கவே இல்ல. இது நா எளுதுனது. நூல் பிரி பிரியா அறுந்தா நூல்காரன திட்டாதிங்க. ஊசி எறங்குற தகட்டு ஓட்டையில பளய நைலான் சாக்ஸ தேச்சி பாருங்க. எங்க மாட்டுதோ அங்க பிசிறு இருக்கு. பொடி எமரி தாள்ல தேச்சிருங்க."

அக்கா எழுந்து மேசைக்குப் போனாள். காலையில் வந்த மெஷின் ஒன்று நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. நகத்தால் தடவிப் பார்த்து, தகட்டில் ஒன்றுமில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். சாக்ஸை வைத்துத் தேய்த்தாள். வலப்பக்க ஓரத்தில் மாட்டியது. எமரித் தாளால் அந்தப் பிசிறைத் தேய்த்துவிட்டு ஓட்டியதும், துணியின் கடைசி வரை நூல் அறாமல் வந்தது.

முப்பது வருடத்தில் இது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. சொந்தக்காரப் பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல நெஞ்சு நிமிர்ந்தது.

"எழுத்துப்பிழையைத் திருத்தணுமே, அக்கா," என்றாள் தங்கை.

"அவகிட்ட கேளு. திருத்தச் சொன்னா திருத்து, இல்லன்னா ஒரு எழுத்தையும் தொடாத. கூடவே இதையும் கேளு: பேரை எப்படிப் போடணும்?"

பதில் உடனே வந்தது. "அப்டியே போடுங்க அக்கா. என் முளு பேரும் போடுங்க."