ஐந்தரைக் கொழுப்பு

இன்டர்மீடியட் முடித்த கையோடு, தூத்துக்குடிக்கு வெளியே இருந்த ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். யுத்த காலம். துறைமுகத்து ஆட்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு பால் அனுப்பினாலும் போதவில்லை. எனக்கிருந்த வேகத்தில், வந்த மாதமே பழைய நோட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, ஒரு வாரக் கணக்கு முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன்.

ஏழு நாளும் இரண்டு வேளையும் ஒருவர் ஊற்றிய பால் மொத்தம் எத்தனை ராத்தல் என்பது முதல் கட்டம். அடுத்தது கொழுப்பு. ஒவ்வொரு வேளையும் ஊற்றும் பாலுக்குத் தக்கபடி கொஞ்சம் எடுத்து, கெடாமலிருக்க மருந்து போட்ட அவரவர் சீசாவில் சேர்த்து வைப்போம். சனிக்கிழமை காலையில் டெஸ்டர் அண்ணாச்சி அந்தப் பாலை அமிலத்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கைச்சக்கரத்தில் சுழற்றி, வெந்நீரில் நிறுத்தி எடுப்பார். மேலே மஞ்சளாகத் திரண்டு நிற்கும் கொழுப்பு எத்தனை கோடு என்று அவர் சொல்ல, நான் எழுதுவேன். ராத்தலை அந்த எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால் கொழுப்பின் எடை. அந்த எடைக்குத்தான் காசு. அளவுக்குக் காசு கொடுத்தால் தண்ணீர் ஊற்றுகிறவன் ஜெயிப்பான், கொழுப்புக்குக் கொடுத்தால்தான் நியாயம் என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பட்டியலைச் சுவரில் ஒட்டி முடிப்பதற்குள், ஒற்றை எருமை வைத்திருந்த ஒரு அக்கா வந்து நின்றாள்.

“எனக்கு எவ்வளவு போட்டிருக்கு, தம்பி?”

“நாப்பத்திரெண்டு ராத்தல். கொழுப்பு அஞ்சரை.”

“போன வாரம்?”

“அஞ்சரைதான்.”

“பழைய எருமைக்கு அஞ்சரைன்னு சொன்னிய. கட்டுப்படி ஆகலன்னு அத ஓட்டப்பிடாரத்துக்காரன்ட்ட கெடச்ச வெலைக்குத் தள்ளிட்டு, வட்டிக்கு வாங்கிப் புதுசு புடிச்சேன். நாலு வாரமா இது பாலத்தான் ஊத்துதேன். காய்ச்சினா ஏடு கம்பளி மாதிரி நிக்கி. இதுக்கும் அஞ்சரையா? ரெண்டு எருமையும் பேசி வச்சுக்கிட்டா கறக்கு?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். “குழாய் பொய் சொல்லாதுக்கா” என்றேன். சொல்லிவிட்டாலும், அவளுக்குக் காட்டுவதற்காக நோட்டைப் புரட்டினேன். நாலு வாரமல்ல, மூன்று மாதமாக அவள் பெயருக்கு நேரே ஐந்தரை. மற்றவர்களுடையதைப் பார்த்தேன். ஆறு, ஆறரை, ஏழு, ஐந்தரை. ஒரு ஆறே கால்கூட இல்லை. எத்தனையோ எருமைகள் எல்லாம் சரியாக முழுக்கோட்டிலும் அரைக்கோட்டிலுமா வந்து நிற்கும்? அத்தனையும் என் கையெழுத்து.

அவள் சீசாவில் மிச்சமிருந்த பாலை எடுத்துக்கொண்டு சோதனை அறைக்குப் போனேன். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் குழாயை நிரப்பினார். நான் சக்கரத்தைச் சுழற்றினேன். வெந்நீரிலிருந்து எடுத்த குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “அஞ்சரை” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஏழு கோட்டைத் தாண்டி இன்னும் நாலு சிறு கோடு. ஏழு புள்ளி நாலு.

“அண்ணாச்சி, இது எந்தக் கோடுன்னு விரல வச்சுக் காட்டுங்க.”

அவர் விரல் குழாயின் மேல் அலைந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

“கண்ணுல படலம் விழுந்துட்டு. மூணு மாசமா கோடு தெரியல. வேல போயிருமேன்னு சொல்லல.”

“அப்போ இந்த நம்பரெல்லாம்?”

“பருத்திக்கொட்ட வைக்கிற வீடு எது, வெறும் வைக்கோல் போடுத வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா? அதையும் இருக்க மாட்டையும் வச்சு ஒரு குத்துமதிப்பாத்தான் சொல்லுவேன். இவ எருமைய மாத்துனது தெரியாமப் போச்சு.”

வைக்கோலையும் பருத்திக்கொட்டையையும் பெருக்கி வகுத்துத்தான் அத்தனை வாரமும் நியாயம் வழங்கிக்கொண்டிருந்தேன்.

நான் தயங்கி நிற்க, அவரே வெளியே போய், நின்றவர்களிடம் சொல்லிவிட்டார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஒருவர், “அப்போ எங்க மூஞ்சியப் பாத்துதான் கொழுப்பு சொன்னீரா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பட்டியலைக் கிழித்தேன். இந்த வாரச் சீசா எல்லாவற்றையும் நானே மறுபடி சோதிக்கிறேன் என்றேன். அந்த அக்காவின் இரண்டு ராத்தல் சொச்சக் கொழுப்பு மூன்று ராத்தலுக்கு மேலே ஏறியது. புதிய கணக்கை வாசித்துக் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை.

“அன்னைக்கி வித்தேனே, அந்த எருமை. அதுக்கு நெசமாவே அஞ்சரைதானா, தம்பி?”

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் அவள் குரல் வந்த பக்கம் பார்த்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டியல் ஒட்டி முடிந்ததும் சீசாக்களைச் சலவைச் சோடா போட்டு நன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். பழைய எருமையின் பால் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

“தெரியாதுக்கா” என்றேன்.